அறுபது பேருக்கு எத்தனை வடை?

நாளைக்குப் பயிற்சி. பட்டியலில் 60 பேர். அதனால் காலையில் 60 வடை, மாலையில் 60 பொட்டலம், இரண்டு வேளைக்கும் 60 டீ என்று ஒரு சீட்டு எழுதிக் கடைக்குப் போகிறது. அநேக அலுவலகங்களில் டீ இடைவேளைக் கணக்கு இவ்வளவுதான். மறுநாள் பதினொன்றரைக்கு இடைவேளை விட்ட ஏழெட்டு நிமிடத்தில் வடைத் தட்டு காலியாகிறது. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் வெறும் டீயைக் குடித்துவிட்டு உள்ளே போகிறார்கள். அதே நாள் மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் பத்துப் பதினைந்து பொட்டலங்கள் தொடுவாரில்லாமல் மேசைமேல் கிடக்கின்றன. காலையில் போதாத அதே எண் மாலையில் அதிகமாகிவிட்டது.

இதற்குக் காரணம் யாருடைய பேராசையும் அல்ல. பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று. பதினொன்றரை மணிக்கு அந்தக் கட்டடத்தில் பசியோடு இருப்பவர்களின் கணக்கு வேறொன்று. மூன்றரை மணிக்கு இருப்பவர்களின் கணக்கு மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே எண்ணாக எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஒரு மாவட்டத் தலைநகரத்து அலுவலகத்தில் நடக்கும் ஒரு நாள் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குத் தொடக்கம், பதினொன்றரைக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்கு மறுபடியும் வகுப்பு, மூன்றரைக்கு இரண்டாவது டீ, ஐந்து மணிக்கு முடிவு. அழைப்பு போனது 60 பேருக்கு. எல்லாரும் வருவதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ஊரில் கோயில் கொடை, ஒருவருக்கு அன்றைக்கென்று மேலதிகாரி ஆய்வு. வந்து கையெழுத்துப் போட்டவர்கள் 52 என்று வைப்போம். பட்டியலைப் பார்த்தால் எட்டுப் பேர் குறைவு, அப்படியானால் வடை மிஞ்சவேண்டும். மிஞ்சாது. ஏனென்றால் பட்டியலில் இல்லாதவர்கள் வந்திருக்கிறார்கள்.

பயிற்சி எடுப்பவர்கள் மூன்று பேர். ஏற்பாடு செய்யும் பிரிவின் ஆட்கள் நான்கு பேர். மைக், புரொஜெக்டர் பார்ப்பவர் ஒருவர். டீ கொண்டுவந்து கொடுக்கிற, நாற்காலி போடுகிற அலுவலக உதவியாளர்களும் தூய்மைப் பணியாளருமாக மூன்று பேர். வெளியூர் வண்டிகளை ஓட்டி வந்து மர நிழலில் காத்திருக்கும் டிரைவர்கள் மூன்று பேர். ஆகப் பதினான்கு. இந்தப் பதினான்கு பேர் வராமல் இருப்பதே இல்லை. பயிற்சியாளர்கள் பாதிப் பேர் வராவிட்டாலும் இவர்கள் வந்துதான் ஆகவேண்டும். 52-உம் 14-உம் சேர்ந்து 66. அறுபது வடை எப்படிப் போதும்?

யாருக்கு இல்லாமல் போகிறது என்று பார்த்தால் மனம் வருந்துகிறது. பயிற்சி எடுப்பவர்களுக்குத் தனித் தட்டில் அறைக்கே போய்விடும். வந்தவர்கள் வரிசையில் எடுத்துக்கொள்வார்கள். காலை எட்டு மணிக்கே வந்து அறையைப் பெருக்கித் தண்ணீர் கேன் தூக்கி வைத்தவரும், ஐந்து மணிக்கு எழுந்து வண்டி எடுத்த டிரைவரும்தான் கடைசியில் காலித் தட்டைப் பார்ப்பவர்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பல அலுவலகங்களில் வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்தோ அத்தனைக்குத்தான் பில் பாஸாகும் என்பதால், கையெழுத்துப் போடாதவரைக் கணக்கில் எழுத எழுத்தருக்குப் பயம். இதைச் சரிசெய்யும் இடம் டீ மேசை அல்ல, செலவுக்கு ஒப்புதல் கேட்டு முன்கூட்டியே வைக்கும் குறிப்பு. ‘பயிற்சி பெறுவோர் 60, பயிற்றுநர் மற்றும் ஏற்பாட்டுப் பணியாளர் 14’ என்று இரண்டு வரியாக அதிலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால், பின்னால் பில்லில் யாரும் கேள்வி கேட்க இடமில்லை. இரண்டாவது வரியைச் சேர்க்கச் சில நிமிடம்கூட ஆகாது. அதை எழுதாமல் விடுவதுதான் இந்தக் கணக்கில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது என்பேன்.

இனி வடை. தலைக்கு ஒன்று என்றால் 66. ஆனால் காலை இடைவேளையில் ஒன்றோடு நிற்காதவர்கள் உண்டு. ஒன்றியங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்களில் பலர் வீட்டில் ஒரு வாய் காபியோடு கிளம்பியிருப்பார்கள். அவர்களுக்குப் பதினொன்றரை மணி வடைதான் காலைப் பலகாரம். மூன்றில் ஒருவர் இரண்டாவது வடை எடுப்பார் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். 66-க்கு அது 22. மொத்தம் 88, சுற்றி 90.

தொண்ணூறு வடையையும் ஒரே தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தால் அதுவும் போதாமல் போகும். முதலில் வரும் முப்பது பேர் ஆளுக்கு இரண்டு எடுப்பார்கள்; எடுத்தது தவறென்று சொல்ல முடியாது, தட்டு நிறைய இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் கை போகும். யாரையும் பார்த்து ‘ஒண்ணுதான்’ என்று சொல்லும் நிலைக்கு உதவியாளரைத் தள்ளுவது அவருக்கும் சங்கடம், விருந்தாளிக்கும் சங்கடம். அதனால் வடையை இரண்டு ஈடாக வரச் செய்யவேண்டும். டிரைவர்கள், உதவியாளர்கள், பயிற்றுநர்கள் ஆகிய 14 பேருக்கும் உரியதை முதலில் தனியே எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். முதல் ஈட்டில் மீதி 52-உம் நாலைந்து கூடுதலும் மேசைக்கு வரும். எல்லாரும் ஒரு சுற்று எடுத்து முடித்த பிறகு, பத்து நிமிடம் கழித்து, மிச்சமிருக்கும் இருபதும் வரும். வேண்டியவர்கள் அப்போது இரண்டாவது எடுத்துக்கொள்வார்கள். அதே தொண்ணூறுதான். வரும் நேரம் மாறியதால் எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது.

இந்த 90 என்ற எண்ணை எப்போது சொல்வது என்பதில்தான் டீக்கடை மாஸ்டரின் அனுபவம் உதவும். முந்தின நாள் மாலை போய்க் கேட்டால் பேச்சு இப்படி இருக்கும்.

“மாஸ்டர், நாளைக்குப் பதினொன்றரைக்கு உளுந்து வடை வேணும். அறுபது பேருன்னு லிஸ்ட்ல இருக்கு. எவ்வளவு வருவாங்கன்னு காலையிலதான் தெரியும்.”

“அதுக்கென்ன மேடம், நூறுக்குத் தோதா ஊறப் போட்டுர்றேன். பத்தரைக்கு ஒரு போன் போட்டுச் சரியா சொல்லிருங்க. அப்புறம்தான் எண்ணெய்ல போடுவேன்.”

இந்த இரண்டு வாக்கியத்தில் ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது. உளுந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஊறினால் போதும். அரைப்பதற்கும் சுடுவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம். நடுத்தர அளவில் தட்டினால் கிலோ உளுந்துக்கு ஐம்பது, அறுபது வடை வரும். நூறு வடைக்கு ஒன்றே முக்கால் கிலோ ஊறப்போட்டால் சரியாக இருக்கும். பத்தரை மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணி 52 என்று தெரிந்ததும் 90 என்று சொல்லிவிடலாம். 44 பேர்தான் வந்திருந்தால் 14 சேர்த்து 58, மூன்றில் ஒரு பங்கு 19, ஆக 77 போதும். அறுபதும் வந்துவிட்டால் 99. எது வந்தாலும் ஊறப்போட்ட உளுந்துக்குள் அடங்கிவிடும். மிஞ்சிய மாவு அலுவலகத்தின் நஷ்டம் அல்ல. மாஸ்டர் அதை மாலைக் கடையில் சுட்டு விற்றுவிடுவார். மிச்சத்தை வாங்க வேறு ஆள் இருக்கும் இடத்தில் ஆர்டர் கொடுப்பதே இதன் சூட்சுமம். பேக்கரியிலிருந்து அட்டைப்பெட்டியில் போட்டு வரும் பஃப்ஸுக்கும் ஸ்வீட்டுக்கும் இந்த வசதி இல்லை. முந்தின நாளே எண்ணைச் சொல்லவேண்டும், சொன்ன எண்ணுக்குப் பணம் கொடுக்கவேண்டும்.

வடைக்கு இன்னொரு குணம் உண்டு. அது எண்ணிக் கொடுக்கிற பண்டம். நான்கு வடை குறைந்தால் நான்கு பேருக்கு முழுசாக இல்லை. சுண்டல் அப்படியல்ல, அது கரண்டியால் கொடுக்கிற பண்டம். நான்கு பேர் கூடினால் கரண்டியைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. குறைவு எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துபோகும். கேசரி, உப்புமா, பொரி, மிக்சர் எல்லாமே இந்த வகை. எந்த வேளைக்கு எந்த வகை என்று யோசித்தால், முன்கூட்டியே முடிவெடுத்தாக வேண்டிய பண்டம் கரண்டி வகையாக இருப்பது நல்லது. கொண்டைக்கடலை எட்டுப் பத்து மணி நேரம் ஊறவேண்டும். அதாவது முந்தின நாள் இரவே அளந்து போட்டாகவேண்டும். அப்போது யார் வருவார்கள் என்றே தெரியாது. அதனால்தான் மாலைக்குச் சுண்டல் பொருந்துகிறது. எண்ணிக்கை தெரியாமல் ஊறப்போட்டாலும் கரண்டி சமாளித்துக்கொள்ளும்.

மாலைக் கணக்கு காலைக் கணக்கைவிடச் சுலபம். சாப்பாட்டு இலையோ தட்டோ எத்தனை போயிற்று என்று பார்த்தாலே உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் சிலர் எப்போதும் உண்டு. தூரத்து ஊர், கடைசி பஸ், அலுவலகத்திலிருந்து வந்த அவசர போன் என்று ஆளுக்கொரு காரணம். நம் கணக்கில் 52 பேரில் 46 பேர் இருக்கிறார்கள் என்று வைப்போம். காலையில் வகுப்பெடுத்தவர் ஒருவர் போய்விட்டார், ஆகவே 14 இப்போது 13. மொத்தம் 59. ஒரு கைப்பிடிக் கிண்ணத்துக்கு 75 கிராம் என்றால் நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சுண்டல் வேண்டும். காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் இரண்டே கால் கிலோ கடலை போதும். இரவில் இரண்டரைக் கிலோ ஊறப்போட்டிருந்தால், மத்தியானம் எண்ணிக்கை தெரிந்த பிறகு வேண்டிய அளவை மட்டும் குக்கரில் ஏற்றலாம். ஊறிய கடலையில் கால் கிலோ மிஞ்சினால் தண்ணீரை வடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் கேண்டீனில் பயன்படுத்தலாம். வெந்து தாளித்த சுண்டல் மிஞ்சினால் அப்படிச் செய்ய முடியாது.

மாலையில் இரண்டாவது முறை வாங்குபவர்களுக்கென்று நான் எதுவும் சேர்ப்பதில்லை. ஒரு மணிக்குச் சாதம், சாம்பார், கூட்டு, பாயசம் என்று சாப்பிட்டவருக்கு மூன்றரைக்குப் பெரிய பசி இருக்காது. வேண்டியது டீதான். இரண்டு மணிக்கு மேல் கண் சொக்குவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. உடலின் நாள் கடிகாரமே பிற்பகலில் ஒரு தொய்வு கொடுக்கிறது, சாப்பிடாதவர்களுக்கும் அது உண்டு. அதனால் ஆள் குறைந்தாலும் டீ குறைவதில்லை. காலையில் 66 பேருக்கு ஒரு டீ, இருபது பேருக்கு இரண்டாவது, ஆக 86. மாலையில் 59 பேர், ஆனால் இரண்டாவது டீ கேட்பவர்கள் இருபத்தைந்தைத் தாண்டுவார்கள். கிட்டத்தட்ட அதே எண். பலகாரத்தைக் குறைக்கும்போது டீயையும் சேர்த்துக் குறைத்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை.

நூறு மில்லி டம்ளருக்கு 86 டீ என்றால் எட்டரை லிட்டருக்கு மேல். பாலும் தண்ணீரும் பாதிப் பாதி போட்டால் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்பது வேண்டும். குழாய் வைத்த டீ கேனில் அடியில் கொஞ்சம் நின்றுவிடும். கேனைச் சாய்த்தால்தான் வரும். எனவே ஒன்பது லிட்டர் கேளுங்கள். இதில் ஒரு பகுதி சர்க்கரை இல்லாமல் தனிப் பிளாஸ்கில் வரவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, வயது வந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் 66 பேரில் ஏழெட்டுப் பேர். அலுவலகத்தில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அதிகம் என்பதையும், நோய் இல்லாமலே சர்க்கரையைத் தவிர்ப்பவர்களையும் சேர்த்தால் பன்னிரண்டு டீ சர்க்கரை இல்லாமல் தேவைப்படும். பிளாஸ்கில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். கேட்டு வாங்கக் கூச்சப்படுபவர்கள் நிறையப் பேர். எதிரில் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

டம்ளரையும் எண்ணவேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப்புகளுக்குத் தடை இருக்கிறது. அரசு அலுவலகத்திலேயே அதை அடுக்கி வைப்பது நன்றாக இருக்காது. எவர்சில்வர் டம்ளர் என்றால் தலைக்கு ஒன்று, கூட நாலைந்து, எழுபது போதும். இரண்டாவது டீயை அதே டம்ளரில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கழுவ ஒருவர் வேண்டும், அவரையும் அந்தப் பதினான்கோடு சேர்த்துப் பதினைந்தாக எண்ணவேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இடைவேளை நீண்டுபோவது உண்டு. ஒரு குழாயில் ஒரு டம்ளர் நிரம்பி, அடுத்தவர் வந்து நிற்க ஏழெட்டு நொடி ஆகும். அறுபது பேருக்கு எட்டு நிமிடம். பதினைந்து நிமிட இடைவேளையில் கடைசி ஆளுக்கு டீ கையில் வரும்போது பாதி நேரம் போய்விடும். சூடான டீயை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். டீயை இரண்டு கேனில் வாங்கி இரண்டு மேசையில் வைத்தால் இது நான்கு நிமிடமாகும். வடை ஒரு கோடியிலும் டீ மறுகோடியிலும் இருப்பது இன்னும் நல்லது. இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் வடை எடுத்தவர் அங்கேயே நின்று டீக்குக் கை நீட்ட, பின்னால் வரிசை நகராது.

கெட்டுப்போவதைப் பற்றியும் சொல்லவேண்டும். சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைக்கவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்த பண்டத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு. வடையைவிட அதற்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னியில்தான் கவனம் வேண்டும். ஒன்பது மணிக்கு அரைத்த சட்னி பதினொன்றரைக்குள் மாறியிருக்கும்: மேலே சிறு நுரை, ஒருவிதப் புளித்த வாடை, கரண்டியில் எடுத்தால் இழுபடும் கொழகொழப்பு. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கொட்டிவிட வேண்டும், சாம்பார் போதும். ஆனால் கெட்டது எல்லாமே இப்படிக் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் என்றில்லை, ஆகவே கடிகாரத்தைப் பார்ப்பதே முதல் சோதனை. சுண்டலில் தேங்காய்ப் பூவை மூன்று மணிக்கு மேல், இறக்கிக் கொண்டுவரும்போது போட்டால் போதும். செய்தித்தாளில் வைத்துத் தருவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. அச்சு மை எண்ணெயோடு பண்டத்தில் ஏறும். தொன்னையோ வாழையிலைத் துண்டோ போதும்.

நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சஷ்டி, அமாவாசை, ஏகாதசி அன்று சிலர் எதுவும் சாப்பிடமாட்டார்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வெளிப் பலகாரத்தைத் தவிர்ப்பார்கள். ரமலான் மாதத்தில் நோன்பிருப்பவர்களுக்கு இரண்டு இடைவேளையும் கிடையாது. இவர்களுக்காக எண்ணிக்கையில் நாலைந்து குறைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆனால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு எடுத்துப்போக, கெடாத பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் அவர்களும் விருந்தில் சேர்ந்தவர்களாவார்கள். இத்தகைய நேரங்களுக்கும், எதிர்பாராமல் வந்து நிற்கும் நாலு பேருக்கும், கெடாத பண்டம் கொஞ்சம் அலமாரியில் இருக்கவேண்டும். வழக்கமாக அது பிஸ்கட். 2019 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் தன் கூட்டங்களில் பிஸ்கட்டை நிறுத்தி, வறுத்த கடலை, பேரீச்சை, பாதாம், அக்ரூட் போன்றவற்றைக் கொடுக்கச் சொன்னது. பாதாமுக்கும் அக்ரூட்டுக்கும் சின்ன அலுவலகத்தில் பணம் இருக்காது. வறுகடலையும் பேரீச்சையும் கட்டுப்படியாகும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த பயிற்சி வரை இருக்கும்.

இடைவேளை முடிந்ததும் மேசையையும் குப்பைத் தொட்டியையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. தட்டில் முழு வடையாக மிஞ்சியிருந்தால் எண்ணிக்கை அதிகம். தொட்டியில் பாதி கடித்த வடை கிடந்தால் எண்ணிக்கையில் தப்பில்லை. எண்ணெய் குடித்திருக்கிறது, அல்லது உள்ளே வேகவில்லை, அல்லது ஆறிப்போய் ரப்பராகிவிட்டது. முதல் ஐந்து நிமிடத்திலேயே தட்டு காலியென்றால், மொத்தம் குறைவா, அல்லது இரண்டு ஈடாக வராமல் ஒரே ஈடாக வந்ததா என்று மாஸ்டரைக் கேட்டால் தெரிந்துவிடும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. மூன்றுக்கும் சேர்த்து ‘அடுத்த தடவை இருபது கூடப் போடு’ என்றால் மறுபடியும் மிஞ்சும்.

இதைக் கோப்பின் ஓரத்தில் மூன்று வரியாக எழுதி வைக்கலாம். அழைப்பு 60, கையெழுத்து 52, மாலையில் 46, பணியாளர் 14. வடை 90, மிச்சம் 3. சுண்டல் இரண்டே கால் கிலோ, மிச்சமில்லை; மாலை டீ கடைசியில் நான்கு பேருக்குக் குறைந்தது. அடுத்த பயிற்சிக்கு வரும் புதிய எழுத்தர் இதைப் பார்த்து மாலை டீயை அரை லிட்டர் கூட்டிச் சொன்னால் போதும்.